விடுபட்ட காலாண்டு

அந்த மின்னஞ்சல் வந்தபோது நான் வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தேன். மாரிகுப்பத்தில் புறப்படும் வண்டி நான் ஏறும் சாம்பியன் ரீப்ஸுக்கு வரும்போது பாதி காலியாக இருக்கும். பங்காருப்பேட்டையில்தான் கூட்டம் ஏறும். அதற்குள் நாங்கள் மூன்று பேரும் ஜன்னலோர இருக்கைகளைப் பிடித்துவிடுவோம். மூவருக்கும் வைட்ஃபீல்டு பக்கம் ஒரே கம்பெனியில் வேலை. இயந்திர உதிரிபாகங்கள் செய்கிற கம்பெனி. நான் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். எதிரே உட்காருபவர் ஸ்டோர்ஸில் இருந்த அண்ணன். ஸ்கெலட்டன் என்கிற குடியிருப்பில் வீடு, ரிட்டயர் ஆக ஏழெட்டு மாதம் பாக்கி. மூன்றாவது ஆள் மைசூர் மைன்ஸ் குடியிருப்பிலிருந்து வரும் டிசைன் இன்ஜினியர். முப்பது வயது இருக்கும். வேறு கம்பெனியிலிருந்து முந்தைய வருடம்தான் எங்களிடம் வந்தவர். என்னை அக்கா என்பார்.

அனுப்பியது வருமான வரித்துறை. 'உங்கள் கணக்கு பரிசீலிக்கப்பட்டது' என்கிற மாதிரி ஒரு தலைப்பு. கூடவே பூட்டுப் போட்ட ஒரு பிடிஎஃப். பான் எண்ணைப் போட்டேன், திறக்கவில்லை. பிறந்த தேதியைப் போட்டேன், அதற்கும் திறக்கவில்லை.

"ரெண்டையும் சேர்த்துப் போடணும் அக்கா. பான் நம்பர சின்ன எழுத்துல அடிங்க, அப்புறம் பிறந்த தேதி," என்றார் இன்ஜினியர்.

திறந்தது. நான் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். யாராக இருந்தாலும் அங்கேதான் போவார்கள். கட்ட வேண்டிய தொகை இருபத்தொன்றாயிரத்துச் சொச்சம் என்று இருந்தது. முப்பது நாளைக்குள் கட்ட வேண்டும்.

வரியையெல்லாம் கம்பெனியே சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பிடித்த பிடியில் அந்த மூன்று மாதமும் வீட்டில் எண்ணெய், பருப்பு வாங்கக்கூட யோசிக்க வேண்டியிருந்தது. அதற்கு மேல் இது என்ன பாக்கி என்று எனக்குப் புரியவில்லை. போனை அண்ணனிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு தன் போனை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"எனக்கும் நேத்து இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு. இன்னான்னு தெரியல. நீ கொஞ்சம் பாரும்மா."

அவருக்குப் பதினெட்டாயிரத்துக்குப் பக்கம். இன்ஜினியரும் சிரித்துக்கொண்டே தன்னுடையதைக் காட்டினார். போன வாரமே வந்துவிட்டதாம். அவருக்கு முப்பதாயிரத்துக்கு மேல். "கம்ப்யூட்டர் தப்பு அக்கா. எல்லாருக்கும் போட்டுத் தாக்குறான். தானா சரியாகிடும்," என்றார்.

அண்ணன் சிரிக்கவில்லை. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடிய காலத்தில் அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருக்கும். அவருடைய அப்பாவும் அண்ணன்மாரும் ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியில் இறங்கி வேலை பார்த்தவர்கள். அப்போது வீட்டுக்கு வந்த அரசாங்கக் காகிதம் எல்லாமே எதையாவது பறிக்க வந்தவைதான். வேலை இல்லை என்று ஒன்று வந்தது, குவார்ட்டர்ஸைக் காலி செய் என்று இன்னொன்று. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒரு காகிதத்துக்குப் பதில் எழுதலாம், கேள்வி கேட்கலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. தலைமுறை மாறி நான் டிப்ளமோ படித்து, மைக்ரோமீட்டரும் கையுமாக வேலை செய்கிறேன். இருந்தும் அன்று காலை எனக்கும் அது தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் ராபர்ட்சன்பேட்டையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். சாயங்காலம் நேராக அங்கே போய்ச் சொன்னேன்.

"ரிட்டர்ன் போட்டாரே அந்த பிரவுசிங் சென்டர்காரு, அவரையே போய்க் கேளு," என்றார்.

கேட்டேன். அவர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். "ஒண்ணும் இல்ல மேடம். ரெக்டிஃபிகேஷன்னு ஒண்ணு கீது. திருத்தம். 'திரும்பப் பரிசீலிக்கவும்'னு போட்டுட்டா அவங்களே பாத்து சரி பண்ணிடுவாங்க," என்றார். ஓடிபி சொன்னேன், நூறு ரூபாய் கொடுத்தேன். பாரம் இறங்கிய மாதிரி வீட்டுக்கு நடந்தேன்.

இரண்டு நாள் கழித்து ரயிலில் அண்ணன், "நான் கட்டிட்டேன்மா," என்றார்.

"எதை?"

"அந்தப் பணத்தத்தான். சீட்டு எடுத்து வச்சிருந்தேன். ரிட்டயர் ஆகறப்ப கவர்மென்ட்டு பாக்கி ஒண்ணும் நம்ம தலமேல இருக்கக் கூடாது. மருமகன் போன்லயே கட்டிக் குடுத்துட்டான்."

"அது சரியான பாக்கியான்னு பாத்தீங்களா அண்ணா?"

"பாக்கின்னு எழுதிக் கீதே. அதுக்கு மேல இன்னா பாக்கறது?"

நானும்தான் அதைப் பார்க்காமல் திருத்தம் போட்டிருந்தேன்.

நாலு வாரத்துக்குள் அடுத்த மின்னஞ்சல் வந்தது. இப்போது பாஸ்வேர்டு தெரியும். திறந்து பார்த்தால் அதே இருபத்தொன்றாயிரம், ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. திருத்தம் கேட்டுப் போட்ட மனுவுக்கு உத்தரவு வந்துவிட்டது, அதில் எதுவும் திருத்தப்படவில்லை என்பது புரிந்தது.

அன்று ராத்திரி சோறு பிசைந்தபடி வீட்டுக்காரர் சொன்னார்: "கட்டிட்டு விட்டுடு. அலைஞ்சு அலைஞ்சு லீவு போட்டா அதுல வேற சம்பளம் போவும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பணத்தைக் கட்டிவிட்டால் தூங்கலாம். ஆனால் ஏன் கட்டுகிறேன் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் கட்டினால் அடுத்த வருடமும் இதே மின்னஞ்சல் வரும், அடுத்த வருடமும் இதே மாதிரி பயந்து கட்டுவேன். "ஒரு வாரம் குடுங்க. யாராச்சும் தெரிஞ்சவங்கள ஒரு தடவ பாத்துட்டு வரேன்," என்றேன்.

தெரிந்தவர் என்று கிடைத்தது ராபர்ட்சன்பேட்டையில் மாடியில் ஆபீஸ் வைத்திருந்த ஓர் ஆடிட்டர் அம்மா. பெரிய இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் அப்பாவின் வேலைக்காகச் சேலத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா ரிட்டயர் ஆன பிறகும் இவர் ஊரை விட்டுப் போகாமல் இங்கேயே ஆபீஸ் போட்டுவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் போனேன். அறையில் ஃபைல்களை விடத் தொட்டிச் செடிகள் அதிகம் இருந்தன.

இரண்டு பிடிஎஃப்பையும் பிரின்ட் எடுத்து மேசையில் விரித்தார். கடைசிப் பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. முதலிலிருந்து விரலை வைத்துக்கொண்டு வந்தார்.

"இங்க ரெண்டு கட்டம் இருக்கு பாருங்க. இடது பக்கம் நீங்க ரிட்டர்ன்ல சொன்னது. வலது பக்கம் அவங்க கணக்குப் போட்டது. எங்க ரெண்டும் வேற வேறயா இருக்கோ அதுதான் விஷயம். கடைசித் தொகை அதோட விளைவு, அவ்வளவுதான்."

நான் அவருடைய விரலோடு கூடவே பார்த்தேன். சம்பளம் இரண்டிலும் ஒன்று. கழிவுகளும் வரியும் அப்படியே. கீழே, சம்பளத்தில் பிடித்த வரி என்கிற வரிசையில் மட்டும் வலது பக்கத் தொகை சிறியதாக இருந்தது. அதற்குக் கீழே வட்டி என்று நான் சொல்லாத ஒன்று சேர்ந்திருந்தது.

"அப்ப எனக்கு வருமானம் கூடவா போட்டிருக்காங்க?"

"இல்ல. உங்க வருமானத்துலயும் தகராறு இல்ல, வரியிலயும் இல்ல. நீங்க இவ்வளவு பிடிச்சாங்கன்னு சொல்றீங்க. அவங்க, எங்ககிட்ட இவ்வளவுதான் பதிவாயிருக்குன்னு சொல்றாங்க. அந்த வித்தியாசமும் அதுக்கு வட்டியும்தான் இந்த பாக்கி. வரி பிடிச்சதுக்குக் கம்பெனி குடுக்கற ஃபார்ம் பதினாறு கொண்டாந்தீங்களா?"

கொண்டுபோயிருந்தேன். அதை அவர் என்னிடமே திருப்பித் தள்ளிவிட்டு, என் பான் எண்ணில் பதிவான வரியைக் காட்டும் இருபத்தாறு ஏஎஸ் என்கிற அறிக்கையை வலைத்தளத்தில் திறந்தார். அதற்குள் நான் ஃபார்ம் பதினாறைப் புரட்டினேன். அத்தனை மாதம் அலமாரியில் இருந்த காகிதம்தான். முதல் பக்கத்தில் காலாண்டு வாரியாக ஒரு பட்டியல் இருந்தது. ஏப்ரல் முதல் ஜூன், ஜூலை முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் டிசம்பர். அத்தோடு முடிந்துவிட்டது. ஜனவரி முதல் மார்ச் என்கிற வரிசையே இல்லை. பின்பக்கத்தில் சம்பளம் மட்டும் முழு வருடத்துக்கும் இருந்தது.

"மேடம், கடைசி மூணு மாசம் காணோம்."

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். அதிலும் காணவில்லை. வீட்டில் எண்ணெய், பருப்புக்கு யோசித்த அதே மூன்று மாதம்.

"ஜனவரியில இன்னா நடந்துச்சு உங்க கம்பெனியில?" என்று கேட்டார். சேலத்துக் குடும்பம்தான், ஆனாலும் 'இன்னா' அவருக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

யோசித்தேன். ஜனவரியில் எங்களில் சிலரைப் புது யூனிட்டுக்கு மாற்றினார்கள். என்னையும் ஸ்டோர்ஸ் அண்ணனையும் சேர்த்துப் பன்னிரண்டு பதின்மூன்று பேர் இருக்கும். எங்கள் சம்பளப் பட்டியலும் அப்போதுதான் புது சாஃப்ட்வேருக்கு மாறியது.

ஆடிட்டர் அம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சரி. இப்ப உங்களுக்கு மூணு வழி இருக்கு. ஒண்ணு, கட்டறது. பாக்கி நிஜம்னா கட்டிடணும், லேட் பண்ணா முப்பது நாளுக்கு மேல மாசம் ஒரு பர்சென்ட் வட்டி ஏறும். ஆனா உங்களுது நிஜம் இல்ல. கட்டினா ஒரே வரிய ரெண்டு தடவ கட்டறீங்க. இன்னொண்ணு, திருத்தம். பதிவைப் பாத்தாலே தெரியற தப்புக்குத்தான் அது. நீங்க முன்னாடி போட்டப்ப அவங்க பதிவுலயே அந்த மூணு மாசம் இல்ல. இல்லாததை அவங்க எப்படி திருத்துவாங்க? அதான் அதே தொகை திரும்பி வந்துச்சு. முதல்ல கம்பெனி தன்னோட அறிக்கைய சரி பண்ணணும். அது பதிவுல ஏறின அப்புறம் போட்டா நிக்கும்."

"மூணாவது?"

"தகராறு. இந்த பாக்கிய நான் ஒத்துக்கலன்னு வலைத்தளத்துல பதில் போடறது. அத இன்னிக்கே போட்டுடலாம். பிடிச்ச வரிய, பிடிச்ச கம்பெனிகிட்டதான் கேக்கணும், சம்பளக்காரர்கிட்ட திரும்பக் கேக்கக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கு. கம்பெனி கைய விரிச்சிட்டா அப்பீல் போடலாம். இப்ப வந்த திருத்த உத்தரவு மேலயும் போடலாம், முப்பது நாள் டைம். ஃபீஸ் கட்டணும். வருஷக்கணக்குல ஆனாலும் ஆகும். அது கையில இருக்கட்டும். முதல்ல கம்பெனிக்குப் போங்க."

என் சம்பளச் சீட்டுகளை இணைத்து, 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று அன்றே பதில் போட்டோம். அந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்து நானே அழுத்தினேன். எங்கள் வீட்டில் யாரும் ஓர் அரசாங்கக் காகிதத்துக்கு அந்த வார்த்தையைப் பதிலாகச் சொன்னதில்லை.

திங்கட்கிழமை ரயிலில் இதையெல்லாம் சொன்னேன். அண்ணன் தன் ஃபார்ம் பதினாறை மறுநாள் எடுத்துவந்தார். அதிலும் நாலாவது வரிசை இல்லை. அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இன்ஜினியர் தன்னுடையதையும் கொடுத்தார். நான் விரலை வைத்துக்கொண்டு இரண்டு கட்டங்களையும் ஒப்பிட்டேன். எல்லாமே சமமாக இருந்தது, பிடித்த வரிகூட. வித்தியாசமே இல்லை. அப்படியும் பாக்கி வந்திருந்தது.

"நீங்க ரிட்டர்ன் போடறப்பவே கட்ட வேண்டியதுன்னு காட்டுச்சா தம்பி?"

அவர் தலையைச் சொறிந்தார். "காட்டுச்சு அக்கா. பழைய கம்பெனி, புதுக் கம்பெனி ரெண்டையும் சேர்த்ததும் ஒரு தொகை வந்துச்சு. இப்பவே கட்டறீங்களா, அப்புறமா கட்டறீங்களான்னு கேட்டான். 'அப்புறமா'ன்னு அமுக்கிட்டேன். சம்பளம் வந்ததும் கட்டலாம்னு..."

"அப்ப இது கம்ப்யூட்டர் தப்பு இல்ல."

"இல்ல போல." கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். மாலூர் வருவதற்குள் போனிலேயே கட்டிவிட்டார். எங்கள் மூவரில் கட்ட வேண்டியவர் அவர் ஒருவர்தான். அண்ணன்தான் முதலில் கட்டியிருந்தார்.

கம்பெனி அக்கவுன்ட்ஸில் சம்பளம் பார்ப்பவள் ஒரு கன்னடப் பெண். சின்ன வயது, வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நான் கன்னடத்தில்தான் பேசினேன். கம்பெனி வரியைக் கட்டிவிட்டது, செலான் இருக்கிறது, என் ரிட்டர்னைப் போட்டவர்தான் தப்பு செய்திருப்பார் என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லவில்லை. அதை அவள் நிஜமாகவே நம்பினாள்.

நான் ஃபார்ம் பதினாறை மேசையில் வைத்து, நாலாவது வரிசை இருக்க வேண்டிய இடத்தைக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். "கட்டியது வேறு, யார் யாருக்காகக் கட்டினீர்கள் என்று காட்டுகிற பட்டியல் வேறு இல்லையா? அந்தப் பட்டியலில் எங்கள் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்," என்றேன். ஆடிட்டர் அம்மா சொல்லிக்கொடுத்த கேள்வி அது.

மேனேஜரைக் கேட்க வேண்டும், இந்த வாரம் ஆடிட் நடக்கிறது என்றாள். அவள் பயந்துவிட்டாள் என்று தெரிந்தது. மேனேஜரின் கோபம் எனக்கும் தெரியும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புது யூனிட்டுக்கு மாறிய எல்லோரையும் பார்த்தேன். ஐந்து பேருக்கு அதே மின்னஞ்சல் வந்திருந்தது, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. மற்றவர்களுக்கு ரீஃபண்ட் குறைந்து வந்திருந்தது அல்லது கணக்கே இன்னும் பரிசீலனைக்கு வரவில்லை. எல்லோருக்கும் ஒரே மூன்று மாதம்தான் விடுபட்டிருந்தது. ஒரு காகிதத்தில் நடந்ததை எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அண்ணன் பேனாவை வாங்கிக் கொஞ்சம் தயங்கினார்.

"நான்தான் கட்டிட்டேனே. என் பேரு எதுக்கு?"

"உங்க மூணு மாசமும் விட்டுப்போயிருக்கு அண்ணா. போடுங்க."

போட்டார். தமிழில், பெரிய எழுத்துகளில், முழுப் பெயரையும் எழுதினார்.

அந்தக் காகிதத்தோடு இரண்டு பேராக மேனேஜரிடம் போனோம். அவர் முதலில் ஒரு மாதம் ஆகும் என்றார். நான் அப்பீலுக்கு இருக்கிற கெடுவைச் சொன்னேன். அதற்குள் சரியாகாவிட்டால், கம்பெனி பிடித்த வரி எங்கள் கணக்கில் வரவில்லை என்றே எழுதி அப்பீல் போட வேண்டிவரும், எங்களுக்கு அதில் விருப்பமில்லை என்றேன். மிரட்டுகிற குரலில் சொல்லவில்லை, சொல்லவும் வராது. அவர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அங்கேயே ஃபைலைத் திறக்கச் சொன்னார்.

பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. செலான் முழுத் தொகைக்கும் இருந்தது. ஆனால் காலாண்டு அறிக்கைக்காகப் பழைய சாஃப்ட்வேரிலிருந்து பெயர்களை எடுத்திருக்கிறார்கள். எங்களைப் புது யூனிட்டுக்கு மாற்றியதும் பழையதிலிருந்து பெயர்கள் போய்விட்டன. புதியதிலிருந்து யாரும் எடுக்கவில்லை. எங்கள் வரிப் பணம் அரசாங்கத்திடமே கிடந்தது, யாருடையது என்று சொல்வதற்குத்தான் ஆள் இல்லாமல்.

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க தப்பு இல்லம்மா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே நடந்திருக்கு," என்று நான் தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவளுக்குப் புரிந்தது. அந்த வாரமே திருத்திய அறிக்கையைத் தாக்கல் செய்தாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்து, இன்னும் சில நாளில் உங்கள் பதிவில் ஏறிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். யாரும் சொல்லச் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள்.

அடுத்து வந்த நாட்களில் தினமும் ரயிலில் வலைத்தளத்தைத் திறப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு காலை, உரிகம் ஸ்டேஷன் தாண்டும்போது திறந்தேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றும் வரிசையாக இருந்தன. நான் போனை அண்ணனிடம் காட்டினேன். அவருடையதையும் பார்த்தோம். இருந்தது.

"இப்ப திருத்தம் போடலாம் அண்ணா. நீங்க கட்டின பணம் திரும்ப வரும்."

அவர் போனைச் சட்டைப் பையில் வைத்தார். "வேணாம்மா. குடுத்தத போய்த் திருப்பிக் கேட்டா, இவன் யாருடான்னு வேற எதையாச்சும் நோண்டுவான். ரிட்டயர் ஆகற நேரத்துல எதுக்கு?"

"நீங்க யார்கிட்டயும் கை நீட்டலயே. உங்க காசு அது. ரெண்டு தடவ போயிருக்கு."

"பதினெட்டாயிரம் போனாப் போவுது."

"வீட்ல அக்காகிட்ட கேட்டீங்களா?"

"அவளுக்குத் தெரியாதும்மா," என்றார். அக்காவிடம் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சீட்டுப் பணத்தை எடுத்தது வீட்டில் யாருக்கும் தெரியாது, மருமகனைத் தவிர.

இன்ஜினியர்தான் பேசினார். "அண்ணா, நான் கட்ட வேண்டியத கட்டாம இருந்தேன். நோட்டீஸ் அனுப்பிக் கேட்டான், கட்டினேன். அது அவன் உரிமை. நீங்க கட்ட வேண்டாதத கட்டிட்டீங்க. கேக்கறது உங்க உரிமை. ரெண்டுத்துக்கும் ஒரே சட்டம்தானே?"

அண்ணன் அவர் தோளில் தட்டினார். "நல்லாத்தான் பேசற," என்றார்.

அந்தச் சனிக்கிழமை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஆடிட்டர் அம்மாவின் மாடிப்படி ஏறி வந்தார். ஏதோ அலுவலகத்தில் நேர்முகத்துக்கு வந்தவர் மாதிரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஆடிட்டர் அம்மா அவர் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு, "பணம் கட்டியிருக்கீங்க. ஆனா பாக்கி சரிதான்னு ஒத்துக்கிட்டு பதில் போடல. நல்லதாப் போச்சு," என்றார். வரிப் பதிவு பொருந்தாததைச் சரிசெய்யக் கேட்கும் திருத்த மனுவைத் தேர்ந்தெடுத்தார். எனக்கும் அன்றே அதே மனு.

ஓடிபி வர வேண்டிய நேரத்தில்தான் சிக்கல். அண்ணனின் ஆதாரில் இருந்தது வீட்டில் இருக்கும் போன் எண். அவர் வீட்டுக்கு அழைத்தார். ஸ்பீக்கரில் அக்காவின் குரல் கேட்டது.

"ஒரு நம்பர் வந்திருக்கும், படி."

"இன்னா நம்பரு? யார் கேக்கறாங்க? ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு டிவில சொல்றான்."

"நான்தான் கேக்கறேன். ஆடிட்டர் ஆபீஸ்ல உக்காந்துகினு இருக்கேன்."

"ஆடிட்டர் ஆபீஸ்ல உனக்கு இன்னா வேல?"

அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் செடிகளைப் பார்த்தோம். பிறகு முழுக் கதையையும் போனிலேயே சொன்னார். சீட்டு எடுத்தது, கட்டியது, கட்ட வேண்டாதது, இப்போது திருப்பிக் கேட்பது எல்லாவற்றையும். சொல்லி முடிப்பதற்குள் ஓடிபிக்கான நேரம் கடந்துபோய்விட்டது. ஆடிட்டர் அம்மா இன்னொன்று அனுப்பினார்.

அக்கா ஒவ்வோர் இலக்கமாகப் படித்தாள். படித்து முடித்ததும், "ஒழுங்கா போட்டுட்டு வா. இதுக்கா ஒரு மாசமா சோறு எறங்காம இருந்த?" என்றாள்.

அதன் பிறகு காத்திருந்தோம். நாட்கள் போயின. வீட்டுக்காரர் கேட்பதை நிறுத்திவிட்டார். எனக்குச் சில நாள் சந்தேகம் வரும். ஆடிட்டர் அம்மாவுக்குப் போன் செய்தால், "பதிவு ஏறிடுச்சு, மனு கிடைச்சிருக்கு. அப்பீல் கெடு முடியறதுக்குள்ள பதில் வரலன்னா அதையும் போட்டு வச்சிடலாம். கவலப்படாதீங்க," என்பார்.

அப்பீல் போட வேண்டியே வரவில்லை. கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, தொழிற்சாலையில் ஓர் இயந்திர ஷாஃப்ட்டின் விட்டத்தை அளந்துகொண்டிருந்தேன், போன் துடித்தது. அளவைக் குறித்துவிட்டுத்தான் எடுத்தேன். திருத்த உத்தரவு. இந்தத் தடவை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். இடது கட்டம், வலது கட்டம். சம்பளம் சமம். வரி சமம். பிடித்த வரி சமம். வட்டி இல்லை. கட்ட வேண்டியது பூஜ்யம். பக்கத்து மேசைக்காரர், "இன்னா மேடம், தனியா சிரிக்கிறீங்க?" என்று கேட்டார்.

அண்ணனுக்கு இன்னும் சில மாதம் பிடித்தது. அவர் ரிட்டயர் ஆன மாதத்தில்தான் வந்தது. கட்டிய பணம் முழுவதும், கூடவே அரசாங்கம் தரும் கொஞ்சம் வட்டியும். அந்த வட்டிதான் அவரை அதிகம் ஆச்சரியப்படுத்தியது. "அவங்க எனக்கு வட்டி குடுத்திருக்காங்கம்மா," என்று போனில் இரண்டு தடவை சொன்னார். பின்னால் அக்கா யாரிடமோ அதையே சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

இப்போது ரயிலில் அவருடைய இருக்கையில் வேறு யாராவது உட்காருகிறார்கள். இன்ஜினியர் மட்டும் இருக்கிறார். போன வாரம், கோரமண்டலில் ஏறும் ஒரு அம்மா, வேறு கம்பெனியில் வேலை பார்ப்பவர், போனை நீட்டி, "இன்னாவோ பாக்கின்னு வந்திருக்கு, கட்டிடவா?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் இன்ஜினியர் நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்து, "கடைசிப் பக்கம் அப்புறம் பாக்கலாம்மா, முதல் பக்கத்துக்கு வாங்க," என்றார். வண்டி பங்காருப்பேட்டைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அந்த அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடினார்.